நடுவில் 60 கிராம், நுனியில் 15 கிராம்

கேரம் பலகையில் போரிக் பவுடரைத் தூவி, ஓர் அடி நீளமுள்ள மரக்கோல் ஒன்றை அதன் மேல் வையுங்கள். ஸ்ட்ரைக்கரின் விளிம்பில் கொஞ்சம் ஒட்டும் களிமண்ணை அப்பிக்கொள்ளுங்கள். கோலின் ஒரு நுனியைக் குறிவைத்து, கோலுக்குச் செங்குத்தாகச் சுண்டுங்கள். ஸ்ட்ரைக்கர் நுனியில் போய் ஒட்டிக்கொள்ளும். கோல் முன்னே நகரும், கூடவே சுழலும். எவ்வளவு வேகமாக நகரும், எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதுதான் கேள்வி. பொறியியல் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆனால் சூத்திரத்தை எழுதி விடையை எடுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவதால், இதில் இருக்கும் அழகான விஷயம் பலர் கண்ணில் படுவதே இல்லை.

எண்களை வைத்துக்கொண்டே பேசுவோம். கோல் 60 கிராம், நீளம் 30 செ.மீ. ஸ்ட்ரைக்கர் 15 கிராம், வரும் வேகம் நொடிக்கு 200 செ.மீ. இப்போதைக்கு ஸ்ட்ரைக்கரை ஒரு புள்ளியாகவும், பலகையை உராய்வே இல்லாததாகவும் எடுத்துக்கொள்வோம்.

ஸ்ட்ரைக்கரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுக் கோலை மட்டும் பாருங்கள். அதன் நுனியில் ஓர் உதை விழுகிறது. அந்த உதை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கோலின் நடுப்புள்ளிக்கு ஒரு வேகம் தருகிறது. அதை u என்போம். உதை எங்கே விழுந்தாலும் இந்த u மாறாது, உதையின் அளவை 60 கிராமால் வகுத்தால் கிடைப்பதுதான் அது. இரண்டாவது வேலை, கோலைச் சுழற்றுவது. கோலின் மொத்த நிறையும் இரண்டு நுனிகளிலும் பாதி பாதியாகக் குவிந்திருந்தால், சுழற்சியால் நுனிக்குக் கிடைக்கும் வேகமும் சரியாக u ஆகத்தான் இருக்கும். ஆனால் சீரான கோலில் நிறை நீளம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி சுழற்சியை அவ்வளவாக எதிர்ப்பதில்லை. அதனால் அதன் நிலைமத் திருப்புத்திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பாடநூலில் ML²/12 என்று படித்தது இதைத்தான். எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு என்றால் சுழற்சி மூன்று மடங்கு. ஆக, சுழற்சி நுனிக்குத் தரும் வேகம் 3u.

நகர்வால் u, சுழற்சியால் 3u. அடிபட்ட நுனி மொத்தம் 4u வேகத்தில் கிளம்புகிறது. அதே உதையை நடுவில் கொடுத்திருந்தால் அந்த இடம் u வேகத்தில்தான் போயிருக்கும். நான்கு மடங்கு எளிதாக விலகிக் கொடுக்கிறது என்றால், நுனியைப் பொறுத்தவரை இது 60 கிராம் கோலே அல்ல, 15 கிராம் கோல்! சீரான எந்தக் கோலை எடுத்தாலும், நுனியில் செங்குத்தாக அடிக்கிறவருக்கு அது கால் பங்கு நிறையாகத்தான் தெரியும். இந்தக் கணக்கில் மனதில் நிறுத்த வேண்டிய ஒரே விஷயம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இனி ஸ்ட்ரைக்கரைக் கூப்பிடலாம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர், 15 கிராமாகத் தெரியும் நுனியில் மோதி ஒட்டிக்கொள்கிறது. சம நிறைகள் ஒட்டினால் வேகம் பாதியாகும். ஆகவே நுனியும் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து நொடிக்கு 100 செ.மீ. வேகத்தில் கிளம்புகின்றன. நுனி வேகம் 4u என்பதால் u 25 செ.மீ. சுழற்சியின் பங்கு மீதி 75 செ.மீ.; அதை அரை நீளமான 15 செ.மீ.-ஆல் வகுத்தால் நொடிக்கு 5 ரேடியன். ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றேகால் நொடி. கணக்கு முடிந்தது. பொதுவாக எழுதினால் இப்படி வரும்:

u = mv/(M + 4m)
ω = 6mv/((M + 4m)L)

சரிபார்ப்பதும் எளிது. மோதலுக்கு முன் உந்தம் 15 × 200, அதாவது 3000. பின்னால் கோலிடம் 60 × 25 = 1500, ஸ்ட்ரைக்கரிடம் 15 × 100 = 1500. கூட்டினால் அதே 3000.

மாணவர்கள் வழுக்கும் இடம் ‘மையம்’ என்ற சொல். ஸ்ட்ரைக்கர் ஒட்டிய பிறகு மையங்கள் இரண்டு. கோலின் நடுப்புள்ளி பழைய இடத்திலேயே இருக்கிறது; கூட்டு நிறை மையமோ அதிலிருந்து 3 செ.மீ. தள்ளி, ஸ்ட்ரைக்கர் பக்கம் போய்விட்டது. நடுப்புள்ளியின் 25 செ.மீ. வேகம் அந்த முதல் கணத்துக்கு மட்டுமே உரியது. கூட்டு நிறை மையம்தான் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் போகும். அந்த வேகம் 3000-ஐ 75-ஆல் வகுத்தால் வரும் 40 செ.மீ. நடுப்புள்ளி அதைச் சுற்றிக்கொண்டே போவதால், அரைச் சுற்று கழித்து அதன் வேகம் 55 செ.மீ. ஆகிவிடும். இந்த இரண்டு மையங்களைக் குழப்பிக்கொண்டு, நிலைமத் திருப்புத்திறனை நடுப்புள்ளியை வைத்தே போட்டு, அந்தப் புள்ளி நகர்கிறது என்பதையும் மறந்தால் சுழற்சி 5.7 ரேடியன் என்று வரும். விடைத்தாளில் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம்: கீழே M + 4m இருக்க வேண்டிய இடத்தில் M + 3m இருக்கும்.

இன்னொரு தவறு, ஆற்றல் மாறாது என்று எழுதுவது. ஒட்டிக்கொள்ளும் மோதலில் ஆற்றல் களிமண்ணை நசுக்குவதில் செலவாகிறது. நம் கணக்கில் ஸ்ட்ரைக்கர் கொண்டுவந்த இயக்க ஆற்றலில் சரியாகப் பாதி போய்விடுகிறது. நடுவில் அடித்திருந்தால் 80 சதவீதம் போயிருக்கும். நடுவில் அடித்தாலும் கூட்டு நிறை மையம் அதே 40 செ.மீ. வேகத்தில்தான் போகும். அப்படியானால் நுனியில் அடிக்கும்போது சுழற்சிக்கென்று கூடுதலாக ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நுனி எளிதாக விலகிக் கொடுக்கிறது, களிமண் குறைவாக நசுங்குகிறது. அங்கே மிச்சமானதுதான் இங்கே சுழல்கிறது.

கோலின் மறு நுனியையும் பார்த்துவிடுவோம். நகர்வு அதை u வேகத்தில் முன்னே தள்ளுகிறது, சுழற்சி 3u வேகத்தில் பின்னே இழுக்கிறது. ஆக அது 50 செ.மீ. வேகத்தில், அடி வந்த திசையை நோக்கியே திரும்பி வருகிறது. ஒரு நுனி முன்னே, மறு நுனி பின்னே என்றால் இடையில் ஒரு புள்ளி அசையாமல் இருந்தாக வேண்டும். அது அடிபட்ட நுனியிலிருந்து 20 செ.மீ. தூரத்தில், அதாவது மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் எத்தனை கிராம், எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் பொறுத்து இது மாறுவதில்லை. ஒரு முனையில் தொங்கவிட்ட கோல் ஊசலாடுவதை ஆராய்ந்த ஹைகன்ஸ், 1673-இல் வெளியிட்ட கடிகார நூலில் அலைவு மையத்தைக் கண்டறியும் முறையைச் சொன்னார். சீரான கோலுக்கு அதுவும் இதே மூன்றில் இரண்டு பங்குதான்.

உண்மையான பலகையில் உராய்வு உண்டு. ஆனால் மோதல் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் உராய்வால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதனால் மோதிய உடனே அளந்தால் மேலே வந்த எண்களுக்குப் பக்கத்தில் வரும், தாமதித்தால் வராது. ஸ்ட்ரைக்கரும் புள்ளி அல்ல. அதன் மையம் கோலிலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. விலகி இருக்கும், அதனாலும் சுழற்சி சற்று மாறும். அசையாத புள்ளியை இது பெரிதாகப் பாதிக்காது, நுனியில் செங்குத்தாக அடி விழுந்தால் போதும்.

கோலில் 20 செ.மீ. இடத்தில் மையால் ஒரு பொட்டு வையுங்கள். கைபேசியை மேலே பிடித்து ஸ்லோ மோஷனில் படமெடுத்து, மோதலுக்குப் பிந்தைய முதல் சில படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். கோல் முழுக்கத் திரும்பிக்கொண்டிருக்கும், பொட்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும்.