பேப்பர் போட்ட பிறகு வரும் 90 நாள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம். புதிதாகச் சேர வேண்டியவருக்கு லேப்டாப் தயார். அடையாள அட்டையில் பெயர் அச்சாகிவிட்டது. பத்தரை ஆகிறது, ஆளைக் காணோம். எச்.ஆர். பெண் போன் போடுகிறார், சுவிட்ச் ஆஃப். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். மதியத்துக்கு மேல் இரண்டு வரி மெயில் வரலாம்: "சொந்தக் காரணங்களால் சேர இயலவில்லை." பல சமயம் அதுகூட வராது.

ஐ.டி. துறையில் இதற்கு 'நோ ஷோ' என்று பெயர். ஆஃபரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல் போகிறவரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் அன்று காலையில் மனம் மாறியிருக்க மாட்டார். நோட்டீஸ் காலத்தின் நடுவிலேயே எங்கோ மாறியிருப்பார். அது நிறுவனத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்திய ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள். ஒருவர் ஜனவரி 5-ல் ஆஃபரை ஏற்று, 7-ல் பேப்பர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய இடத்தில் கடைசி நாள் ஏப்ரல் 7. புதிய இடத்தில் சேர்வது 8-ம் தேதி. இப்போது ஆண்டுக்கு ஒன்பது லட்சம் வாங்குகிறவர், புதிய ஆஃபர் பதின்மூன்று லட்சம். இந்த மூன்று மாதத்தில் அவர் மனம் ஆட்டம் காணும் இடங்கள் மூன்று.

முதலாவது, பேப்பர் போட்ட முதல் பதினைந்து நாள். மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைப்பார். "எவ்வளவு குடுக்கறாங்க? நானும் பேசிப் பாக்கறேன்" என்பார். சம்பள உயர்வு, வேறு புராஜெக்ட், வெளிநாட்டு வாய்ப்பு என்று ஏதாவது ஒன்று வரும். இதுதான் கவுன்டர் ஆஃபர்.

இரண்டாவது, நடுவில் வரும் ஒன்றரை மாதம். வேலை தேடும் தளங்களில், நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி ஆள் எடுப்பவர்களுக்கு உண்டு. சீக்கிரம் ஆள் வேண்டும் என்கிற நிறுவனத்துக்கு, இன்னும் முப்பது நாளில் வெளியே வரப்போகிறவர் தங்கம். நம்மவர் கையில் பதின்மூன்று லட்சத்துக்கான கடிதம் வேறு இருக்கிறது. அதைக் காட்டிப் பதினாறு கேட்கலாம். அவருக்கு இந்த வாய்ப்பை உண்டாக்கிக் கொடுத்ததே நம் ஆஃபர்தான்.

மூன்றாவது, கடைசிப் பத்து நாள். வீட்டில் பேச்சு அப்போதுதான் சூடு பிடிக்கும். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வர முடியுமா, நைட் ஷிஃப்ட் என்றால் குழந்தையை யார் பார்ப்பது என்பதெல்லாம் கேள்வியாக எழும்.

குறைக்கும் வேலை ஆஃபருக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். சம்பளம் பேசும்போதே மூன்று கேள்விகளை நேராகக் கேட்கலாம். "உங்க மேனேஜர் ரெண்டு லட்சம் ஏத்தித் தர்றேன்னு சொன்னா என்ன சொல்வீங்க?" "வேற எங்கெல்லாம் பேசிக்கிட்டிருக்கீங்க?" "வீட்ல சொல்லியாச்சா?" உண்மையைச் சொன்னதற்காக ஆளை ஒதுக்கிவிட்டால் அடுத்தவர் பொய்தான் சொல்வார். "பணம் மட்டும்தான் காரணம்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பணத்தைப் பழைய இடமே கொடுத்துவிடும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "மூணு வருஷமா ஒரே சப்போர்ட் வேலை, கோட் எழுதவே விடல" என்கிறவரைச் சம்பள உயர்வால் மட்டும் பிடித்துவைப்பது கடினம்.

அடுத்தது, ராஜினாமா ஏற்கப்பட்டதற்கான மெயில். ஆஃபரை ஏற்ற ஒரு வாரத்துக்குள் இதைக் கேட்டு வாங்குவது வழக்கமாக இருக்க வேண்டும். "நாளைக்கு அனுப்பறேன்" என்பது மூன்றாவது முறையும் வந்தால், அவர் இன்னும் பேப்பரே போடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சான்றிதழ்களை ஏற்றச் சொன்ன இணைப்பு பத்து நாளாகத் திறக்கப்படாமல் கிடப்பது, சேரும் தேதியை இரண்டாம் முறை தள்ளக் கேட்பது ஆகியவையும் இதே ரகம். பின்னணிச் சரிபார்ப்பைக் கடைசி வாரத்துக்கு வைக்காமல் முன்பே தொடங்கினால், இந்த அறிகுறிகளும் முன்பே தெரியும்.

நடு மாதங்களில் பேச வேண்டியவர் எச்.ஆர். அல்ல, நாளை அவர் யாருக்குக் கீழ் வேலை பார்ப்பாரோ அந்த டீம் லீட். எச்.ஆர். போன் செய்து "வர்றீங்கல்ல?" என்று கேட்டால் "வர்றேன் மேடம்" என்றுதான் பதில் வரும். டீம் லீட் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் பேசி, "நீங்க வந்ததும் பேமென்ட் பகுதியை உங்ககிட்ட குடுக்கலாம்னு இருக்கோம், இதைக் கொஞ்சம் படிச்சு வைங்க" என்றால், பேச்சின் ஓட்டத்திலேயே ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இவற்றைவிட வலுவான வழி, அந்த 90 நாளையே சுருக்குவது. பழைய நிறுவனம் சம்மதித்தால், மிச்ச நாளுக்கான பணத்தைக் கட்டிச் சீக்கிரம் விலகலாம். இதை பை-அவுட் என்பார்கள். ஒன்பது லட்சக்காரருக்கு முப்பது நாள் என்றால் அதிகபட்சம் முக்கால் லட்ச ரூபாய் அளவில் வரும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கிடும் இடங்களில் இன்னும் குறையும். அதைப் புதிய நிறுவனம் ஏற்றால் ஆள் ஒரு மாதம் முன்னதாக வருவார். அவர் வராமல் போனாலோ முதலிலிருந்து தேடி, இன்னொரு 90 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவசரமான இடங்களுக்கு எது மலிவு என்று புரியும்.

சில நிறுவனங்கள் வேறு கணக்குப் போடுகின்றன. பத்துப் பேருக்கு ஆஃபர் கொடுத்தால் ஆறு பேர்தானே வருகிறார்கள், பத்துப் பேர் வேண்டுமென்றால் பதினாறு பேருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். சந்தை மந்தமாகிப் பதினான்கு பேர் வந்து நின்றால், நான்கு பேருக்கு வேலை இருக்காது. பழைய வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். 2022-23-ல் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் சில, ஆஃபர் கொடுத்த கல்லூரி மாணவர்களின் சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டன. அதைப் பார்த்தவர்கள் கையில் இரண்டாவது ஆஃபர் ஒன்றை வைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

மிரட்டலும் உதவாது. ஒருவர் இன்ன இடத்தில் வேலைக்குச் சேர்ந்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வதோ தவறான வழி. அதைவிட, நேர்காணலில் இரண்டாவதாக வந்தவரிடம் "இடம் இன்னும் முடிவாகல, மாசக் கடைசியில சொல்றோம்" என்று உள்ளதைச் சொல்லித் தொடர்பில் வைத்திருப்பது பயன் தரும்.

வராமல் போன ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு விவரம் குறித்துவைத்தால் போதும்: எத்தனையாவது நாளில் அவர் பதில்கள் தேயத் தொடங்கின, அவர் கடைசியில் எங்கே போனார். ஓராண்டுக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்த்தால், முதல் பதினைந்து நாளில் நழுவியவர்கள் அதிகமா, கடைசி வாரத்தில் நழுவியவர்கள் அதிகமா என்று தெரியும். முன்னதென்றால், ஆஃபருக்கு முன் கேட்ட கேள்விகள் போதவில்லை. பின்னதென்றால், ஷிஃப்டையும் பயண தூரத்தையும் நாம்தான் தாமதமாகச் சொல்லியிருக்கிறோம்.