பதில் வராத பில்

திருப்பூரிலுள்ள ஒரு பின்னலாடை நிறுவனம் பெங்களூரு கடை ஒன்றுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். லாரியில் சரக்கு ஏறியாகிவிட்டது. பில்லிங் பிரிவில் இருப்பவர் கணினியில் பில் போடுகிறார். எண் TP/1187, தொகை 4,72,500 ரூபாய். ஆனால் அந்தத் தாளை மட்டும் கொடுத்து லாரியை அனுப்பிவிட முடியாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற வணிகர்களுக்குப் போடும் பில்லை அரசின் பதிவுத் தளத்தில் பதிந்து, ஐ.ஆர்.என். எனப்படும் எண்ணும் கியூஆர் குறியீடும் வாங்க வேண்டும். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு ஆரம்பித்த இந்த விதி, 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடி வரை இறங்கி வந்தது.

இந்தப் பதிவைப் பெரும்பாலான நிறுவனங்கள் கையால் செய்வதில்லை. கணக்கு, சரக்கு இருப்பு, கொள்முதல், விற்பனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஈஆர்பி மென்பொருளே பில் விவரத்தைப் பதிவுத் தளத்துக்கு அனுப்பி, பதிலை வாங்கி, கியூஆரை அச்சிட்டுக் கொடுத்துவிடும். பெரும்பாலான நாட்களில் இரண்டொரு நொடி வேலை. நமக்கு இங்கே வேண்டியது மற்ற நாட்களின் கதை.

TP/1187 போகிறது. முப்பது நொடி ஆகியும் பதில் இல்லை. ‘டைம் அவுட்’ என்று திரை சொல்கிறது. இப்போது நடந்திருக்கக்கூடியவை மூன்று. செய்தி தளத்தைப் போய்ச் சேரவே இல்லை. அல்லது சேர்ந்தது, அங்கே ஏதோ கோளாறில் பதிவாகாமல் நின்றது. அல்லது முறையாகப் பதிவாகி, ஐ.ஆர்.என். உருவாகி, திரும்பி வரும் பதில் மட்டும் வழியில் தொலைந்தது. யுபிஐயில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரரின் ஒலிபெருக்கி மட்டும் பேசவில்லை என்கிற அதே நிலை. அனுப்பிய இடத்திலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் வேறுபாடே தெரியாது.

மோசமாக எழுதப்பட்ட இணைப்பு இந்த மூன்றையும் ‘தோல்வி’ என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடும். லாரிக்காரர் வாசலில் நிற்கிறார். பில்லிங் ஊழியர் பழைய பில்லை ஈஆர்பியில் ரத்து செய்துவிட்டு, அதே சரக்குக்கு TP/1188 என்று புதிதாக ஒன்று போடுகிறார். அது உடனே பதிவாகிவிடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் முதல் பில் உண்மையில் பதிவாகியிருந்தால், ஒரே சரக்குக்கு இப்போது அரசுப் பதிவில் இரண்டு பில். இரண்டும் விற்பவரின் மாதாந்தர விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் தானாகப் போய் உட்காரும். வாங்குபவரின் வரவுப் பட்டியலிலும் தெரியும். பெங்களூருக்காரர் தொலைபேசியில் கேட்கும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவரும். பதிவான பில்லைத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலும் அந்த எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.

சரியான வழி, அதே TP/1187-ஐ அதே எண்ணோடு மறுபடி அனுப்புவது. அதனால் இரட்டிப்பு வராதா? வராது. ஐ.ஆர்.என். என்பது தளம் தன் இஷ்டத்துக்கு வழங்கும் வரிசை எண் அல்ல. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, ஆவணத்தின் எண் ஆகிய நான்கையும் சேர்த்து, SHA-256 என்ற கணக்கீட்டில் போட்டு எடுக்கும் 64 எழுத்துச் சரம் அது. அந்த நான்கும் மாறாதவரை எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே சரம்தான் வரும். ஆகவே முதல் முறை பதிவாகியிருந்தால், இரண்டாம் முறை தளம் இப்படிச் சொல்லும்:

```
2150 : Duplicate IRN
```

பார்த்தால் பிழைச் செய்திதான். நம் கதையில் இதுதான் நல்ல செய்தி. ‘நீ கேட்டது ஏற்கெனவே முடிந்துவிட்டது’ என்று தளம் சொல்கிறது, பழைய ஐ.ஆர்.என். எது என்பதையும் பதிலோடு சேர்த்தே தருகிறது. ஆனால் கியூஆர் குறியீடு அதில் இருக்காது. அந்த ஐ.ஆர்.என்.-ஐக் கொடுத்து இன்னொரு முறை கேட்டு முழு விவரத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் சில நாள் கெடு உண்டென்பதால் தள்ளிப்போடக் கூடாது. இதைத் தெரியாமல் எழுதிய இணைப்புகள் 2150-ஐயும் சிவப்பில் காட்டி, பதிவான பில்லை ‘தோல்வி’ப் பட்டியலில் வைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் மனிதர்கள் 1188 போடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கைதேர்ந்தவர்களும் இதில் வழுக்குவார்கள். 2150 வந்தாலே வெற்றி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே மாநிலத்தில் இருக்கும் இரண்டு கிளைகள் பொதுவாக ஒரே ஜி.எஸ்.டி. எண்ணில் இயங்கும். திருப்பூரும் சென்னையும் தனித்தனியே TP/1187 என்று பில் போட்டால், இரண்டாவது கிளைக்கு வரும் 2150 தொலைந்த பதிலின் எதிரொலி அல்ல, நிஜமான மோதல். எனவே தளத்தில் இருக்கும் பில்லின் தொகையும் வாங்குபவரின் எண்ணும் நம்மிடம் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே பச்சை விளக்கு காட்ட வேண்டும். பொருந்தாவிட்டால் அது ஒரு மனிதரின் மேசைக்குப் போக வேண்டிய விஷயம்.

எழுத்தின் வடிவத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. tp/1187 என்று சிறிய எழுத்தில் அனுப்பினால் SHA-256 வேறொரு சரத்தைத் தரும். ஒரே பில்லுக்கு இரண்டு அடையாளம் ஆகிவிடும். 2025 ஜூன் 1 முதல் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றியே தளம் கணக்கிடுகிறது.

எல்லா இடத்திலும் இப்படியொரு காவல் கிடைக்காது. ஈஆர்பியிலிருந்து கிடங்கு மென்பொருளுக்குப் போகும் ‘நூறு பெட்டி அனுப்பு’ என்ற உத்தரவை இரண்டு முறை அனுப்பினால், சும்மா இருக்கும் மென்பொருள் இருநூறு பெட்டியை அனுப்பிவிடும். அங்கே நாமே ஒரு சாவி எண்ணைச் செய்தியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பெறுபவர் அதைக் குறித்துவைத்து, அதே சாவியுடன் வருவதை மறுபடி செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். சாவியை எப்போது உருவாக்குகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி போட்டால் சாவியே இல்லாததற்குச் சமம். உத்தரவு பதிவாகும் அதே நொடியில், முதல் முயற்சிக்கு முன்பே, சாவியும் தரவுத்தளத்தில் எழுதப்பட வேண்டும். பாதியில் மின்சாரம் போய்க் கணினி திரும்ப எழுந்தாலும் பழைய சாவியே கையில் இருக்கும்.

சரி, மறுபடி அனுப்புவது என்று முடிவாயிற்று. எதை, எத்தனை முறை? பதில் வராதது, தளம் தற்காலிகமாக முடங்கியது போன்றவை காத்திருந்தால் தீரும். முதலில் 30 நொடி, பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது வழக்கம். கூடவே ஒவ்வொரு இடைவெளியிலும் சில நொடிகளை முன்பின்னாகக் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முடங்கிய தளம் எழுந்ததும் ஆயிரம் நிறுவனங்கள் அதே நொடியில் மோதி அதை மறுபடி படுக்கவைத்துவிடும். 1005 என்று வந்தால் உள்நுழைவுச் சீட்டு காலாவதி. புதுச் சீட்டு வாங்கி ஒரே ஒரு முறை அனுப்பிப் பார்த்தால் போதும். 3039 என்பது வேறு ரகம்: வாங்குபவரின் பின்கோடு அவருடைய மாநிலத்துக்குப் பொருந்தவில்லை. இதை நூறு முறை அனுப்பினாலும் நூறு முறையும் அதே பதில்தான். இதற்கு மறுமுயற்சியே கூடாது. உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது? நான் பார்த்தவரை, எச்சரிக்கை அமைப்புகள் கெட்டுப்போவது இந்த ஒரு கேள்வியில்தான். பிழை எதுவானாலும் கணினிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போகும்படி வைத்திருப்பார்கள். பின்கோட்டைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு மின்னஞ்சல் என்றால், தளம் ஒரு மணி நேரம் படுத்த நாளில் முந்நூறு சேரும். அடுத்த வாரமே யாரோ அதற்கென்று தனி ஃபோல்டர் போட்டு, படிக்காமல் அதற்குள் தள்ளிவிடுவார்கள். முந்நூறு பில்லும் ஒரே காரணத்தால் நின்றால், ‘தளம் பதில் தரவில்லை, 300 பில் காத்திருக்கிறது’ என்ற ஒரே செய்தி கணினிப் பிரிவுக்குப் போனால் போதும். பின்கோடு பிழையோ பில்லிங் பிரிவுக்கு இப்படிப் போக வேண்டும்: ‘TP/1187, பெங்களூரு, ரூ. 4,72,500. பின்கோடு கர்நாடகத்தைச் சேர்ந்தது அல்ல. வாடிக்கையாளர் விவரத்தில் திருத்தி, இதே எண்ணில் மறுபடி அனுப்பவும். புது பில் போட வேண்டாம்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் 1188 தயார்.

பிழையை மட்டும் கவனிக்கும் எச்சரிக்கைக்குப் பெரிய குருட்டுப் புள்ளி ஒன்று உண்டு. பில்களை எடுத்து அனுப்பும் நிரலே இரவில் நின்றுபோனால் பிழையே வராது. பிழை இல்லையென்றால் மின்னஞ்சலும் இல்லை. அதனால் ‘பிழை வந்ததா’ என்பதோடு ‘பில் போட்டு 15 நிமிடமாகியும் ஐ.ஆர்.என். இல்லாதது எது’ என்றும் கேட்கும் சிறு நிரல் ஒன்று தனியாக ஓட வேண்டும், முடிந்தால் வேறொரு கணினியில். ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கு மேலுள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 30 நாள் கெடு இருக்கிறது. அது தாண்டிய பில்லைத் தளம் ஏற்காது. அப்படி யாருக்கும் தெரியாமல் விழுந்துகிடக்கும் பில், மாதக் கடைசியில் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

இவ்வளவும் வைத்த பிறகும் தினமும் ஒரு ஒப்பீடு தேவைப்படும். நேற்று ஈஆர்பியில் போட்ட பில்கள் எத்தனை, மொத்தத் தொகை என்ன. தளத்தில் பதிவானவை எத்தனை, தொகை என்ன. நம்மிடம் இருந்து அங்கே இல்லாதது, அனுப்பப்படாத பில். அங்கே இருந்து நம்மிடம் ‘ரத்து’ என்று இருப்பது அந்த 1187 போன்றது. இந்தப் பட்டியல் காலை ஒன்பது மணிக்குக் கணக்காளர் கையில் கிடைத்தால், நேற்று மாலை ஆறு மணிக்குப் பதிவான பில்லைத் தளத்திலேயே ரத்து செய்ய இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கிறது.