தொய்ந்த உத்திரத்துக்கு ஓர் எஃகுத் தகடு

பழைய வீட்டில் உத்திரம் லேசாகத் தொய்ந்திருந்தால், அடியில் ஓர் எஃகுத் தகட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்குவது உண்டு. அதனால் மரத்துக்கு எவ்வளவு சுமை குறைகிறது என்பதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம்.

4 மீட்டர் நீளம், 100 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரமுள்ள ஒரு தேக்கு உத்திரத்தை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 6 கிலோநியூட்டன், அதாவது சுமார் 600 கிலோ பாரம். தகடு இல்லாதபோது நடுவில் மரத்தின் மேல் விளிம்பு அமுங்குகிறது, கீழ் விளிம்பு இழுபடுகிறது. இரண்டிலும் தகைவு சதுர மி.மீ.க்கு 18 நியூட்டன். இந்த மரம் தாங்கக்கூடியது 12 என்று வைத்துக்கொண்டால், இது ஆபத்துதான்.

இப்போது அடியில் 100 மி.மீ. அகல, 10 மி.மீ. கனத் தகடு ஒன்று. எஃகு இந்தத் தேக்கைவிட 20 மடங்கு விறைப்பானது என்று கொள்வோம். இரண்டு பொருள்களை ஒரே கணக்கில் போட முடியாது என்பதால் தகட்டை மரமாகவே பாவிக்கிறார்கள். கனத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 20 மடங்காக்கினால், 100 மி.மீ. தகடு 2,000 மி.மீ. அகல மரப்பட்டை ஆகிவிடும். தலைகீழாக நிற்கும் T எழுத்து மாதிரி ஒரு வடிவம். இதற்குத்தான் உருமாற்றிய வெட்டுமுகம் என்று பெயர்.

அமுக்கமும் இழுவையும் இல்லாத நடுநிலை அச்சு, முன்பு மரத்தின் பாதி உயரத்தில் இருந்தது. இப்போது அது தகட்டின் அடியிலிருந்து 57.5 மி.மீ. உயரத்துக்கு இறங்கிவிட்டது. மரத்தின் கீழ் விளிம்பில் தகைவு 3.2 நியூட்டனாகச் சரிகிறது. அச்சு விலகிப்போனதால் மேல் விளிம்பில் அந்த அளவு குறையவில்லை, 10.3 இருக்கிறது. ஆகவே இந்த உத்திரத்தில் பார்க்க வேண்டியது மேல் விளிம்பைத்தான். தகட்டின் அடியில் கணக்கு 3.9 என்று காட்டும். அது கற்பனை மரத்தின் தகைவு. 20 ஆல் பெருக்கினால்தான் எஃகின் உண்மையான தகைவு, 78, கிடைக்கும். மாணவர்கள் அடிக்கடி மறப்பது இந்தப் பெருக்கலைத்தான். சாதாரண எஃகுக்கு 78 பெரிய விஷயமில்லை.

முட்டுக் கொடுத்து பாரத்தைத் தூக்காமல் தகட்டை மாட்டினால் இந்தக் கணக்கு செல்லாது. 6-இல் 4 கிலோநியூட்டன் ஏற்கெனவே மரத்தின் மேல் இருந்தால், அதன் 12 நியூட்டன் தகைவு மரத்திலேயே தங்கிவிடும். பிறகு வரும் 2 கிலோநியூட்டனை மட்டுமே தகடு பகிர்ந்துகொள்ளும். மேல் விளிம்பில் மொத்தம் 15.4; வரம்பைத் தாண்டியாயிற்று.

மரமும் தகடும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கக் கூடாது என்பதும் இந்தக் கணக்கின் நிபந்தனை. நடுவில் தகட்டில் இருக்கும் இழுவை சுமார் 71 கிலோநியூட்டன். அது முழுவதும் நடுவிலிருந்து ஒரு முனை வரையுள்ள போல்ட்டுகள் வழியாகத்தான் மரத்திலிருந்து தகட்டுக்குப் போக வேண்டும். முனைப்பக்கம்தான் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதிக வேலை. அங்கே நெருக்கமாகப் போட வேண்டும். துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருந்தால், அந்த இடைவெளி தீரும்வரை தகடு வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் தகட்டின் முனையில் மரத்துக்கும் தகட்டுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டு முட்டை எடுக்கலாம். கோடு இரண்டாக விலகினால் தகடு வழுக்குகிறது, மரத்தில் தகைவு 10.3-ஐவிட அதிகம்.