கேள்வியைக் குறைக்கலாம், விஷயம் குறையக் கூடாது

போனில் ஒரு கருத்துப் படிவம் திறக்கிறீங்க. கேள்வி முடியவே மாட்டேங்குது. பாதியிலேயே மூடிடுவீங்க, இல்லையா? நீங்களே படிவம் தயாரிக்கும்போது அதைச் சுருக்க வழி இருக்கு.

உங்கள் குடியிருப்போர் சங்கம் சென்ற ஆண்டு குடிநீர் பற்றி 20 கேள்வி கேட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில், வெவ்வேறு வயதுள்ள ஐந்தாறு பேரை நிரப்பச் சொல்லி, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை விநாடி ஆகுதுன்னு குறிச்சுக்குங்க. தொட்டுத் தேர்வு செய்வது சீக்கிரம் முடியும். கணக்குப் போடுவதும் டைப் செய்வதும்தான் நேரம் பிடிக்கும்.

அடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எதை அறிவதற்கு என்று பக்கத்தில் எழுதுங்க: அளவு, தரம், புகார் தீர்வு. 'எத்தனை குடம் கிடைக்குது?', 'தண்ணீர் போதுமா?' இரண்டுக்கும் சென்ற ஆண்டுப் பதில்கள் ஒத்துப்போனால், அதிக நேரம் எடுக்கும் முதல் கேள்வியை நீக்கலாம்.

'சாக்கடை வாடை வருதா?' என்பதற்குப் பெரும்பாலோர் 'இல்லை' என்றிருக்கலாம். அதற்காக நீக்கிடாதீங்க. கழிவுநீர் கலப்பதைக் காட்டும் கேள்வி அது ஒன்றுதான்.

கடைசியாக, சென்ற ஆண்டுப் பதில்களில் நீக்கிய கேள்விகளை மறைத்துப் பாருங்க. பிரச்சினை உள்ள தெருக்கள் எல்லாம் அப்போதும் தெரிந்தால் சுருக்கம் சரி. ஒரு தெரு விடுபட்டாலும், அதைக் காட்டிய கேள்வியைத் திரும்பச் சேருங்க.