டயாலிசிஸ் இலவசம், பிறகு எதற்கு இந்தக் கடிதம்?

அறக்கட்டளைகளுக்கு வரும் மருத்துவ உதவிக் கடிதங்களில் டயாலிசிஸ் கடிதத்துக்குத்தான் பதில் எழுதுவது மிகவும் கடினம். இதய அறுவை சிகிச்சை என்றால் ஒரு தொகை, ஒரு தேதி, அதோடு முடிந்தது. டயாலிசிஸ் அப்படி முடிவதில்லை. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை அல்லது ஆயுள் முழுவதும் தொடர வேண்டிய சிகிச்சை அது. ஒரு குடும்பத்துக்கு உதவ ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்ற தயக்கம் கொடுப்பவர்களுக்கு இருக்கிறது. நோயாளி முப்பது வயதுகூட ஆகாத, குடும்பத்தையே தாங்கும் ஆளாக இருந்தால் மறுக்கவும் மனம் வராது.

அப்படிப்பட்ட ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். இது தனி ஒருவருடைய கடிதம் அல்ல. இப்படி வரும் கடிதங்களில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமையை ஒரு குடும்பமாக்கி, தொகைகளை உதாரணத்துக்காக வைத்து எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். வயது 29. ஒன்றரை ஷிப்ட் பார்த்து மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தவர். மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை. தலைவலி என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிய மனிதர், ஒரு நாள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனபோதுதான் உயர் ரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது தெரிந்தது. கழுத்தில் குழாய் போட்டு அவசர டயாலிசிஸ் நடந்தது. பிறகு மணிக்கட்டில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்தார்கள்.

மனைவி எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "என் கணவரின் உயிர் உங்கள் கையில்தான் இருக்கிறது. எங்களுக்கு வேறு நாதி இல்லை. தாங்கள் மனது வைத்து ஐந்து லட்சம் ரூபாய் தந்து உதவ வேண்டுகிறோம்." கூடவே மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு படம். அதில் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் உண்மை. ஆனாலும் படிக்கிறவருக்கு மூன்று கேள்விகள் அப்படியே நிற்கும். டயாலிசிஸுக்கு அரசு காப்பீடு இருக்கிறதே, அது என்ன ஆயிற்று? ஐந்து லட்சம் எதற்கு? எதுவரைக்கும்?

முதல் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே பல குடும்பங்கள் எழுதிவிடுகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 18,000 சம்பளம் வாங்கிய காலத்தில் இந்தக் குடும்பம் அந்த வரம்புக்கு வெளியே இருந்தது. அவர் படுத்த பிறகு மனைவியின் 9,500 மட்டும்தான் வருகிறது, ஆண்டுக்கு 1,14,000. எனவே இப்போது வரம்புக்குள் வந்துவிட்டார்கள். வேலை நின்றது எப்போது என்று விளக்கிச் சொல்லி, கிராம நிர்வாக அலுவலர் மூலமாக வருமானச் சான்று வாங்கிக் காப்பீட்டு அட்டை எடுத்ததை கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால், 'முதலில் அதற்கு முயற்சி செய்யுங்கள்' என்ற ஒருவரிப் பதிலோடு கடிதம் திரும்பி வரும். மாதங்கள் வீணாகும்.

ஈ.எஸ்.ஐ. விஷயமும் இப்படித்தான். சம்பாதிக்கும் வயதில் உள்ளவர் என்பதால் இதைக் கட்டாயம் கேட்பார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்திருந்தால் சிகிச்சைக்கு அங்கேயே வழி உண்டு. அதோடு, நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர் வேலை, போதிய சந்தா நாட்கள் ஆகிய தகுதிகள் இருந்தால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அந்தத் தொகை எந்த அறக்கட்டளையும் மாதாமாதம் கொடுக்கக்கூடியதைவிடப் பெரியது. எனவே வேலையை விடுவதற்கு முன், ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், சம்பளச் சீட்டை எடுத்துப் பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நம் டெய்லர் கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர். பிடித்தமே கிடையாது. அதையும் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால் கேள்வி தீர்ந்தது.

அட்டை வந்தாயிற்று, டயாலிசிஸ் கட்டணம் இல்லை. அப்படியானால் கடிதமே எதற்கு? இந்த இடத்தைத்தான் வெளியில் இருப்பவர்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. எந்திரத்தில் ரத்தம் சுத்தமாவது இலவசமாகிறது. அதைச் சுற்றியுள்ள மற்ற செலவு வீட்டுத் தலையில்தான். எந்த ஊசி, எந்தப் பரிசோதனை கட்டணத்துக்குள் அடங்கும் என்பதை அந்தந்த மருத்துவமனையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அடங்காமல் போனவை இவை: ரத்த உற்பத்திக்கான எரித்ரோபாய்டின் ஊசி மாதம் 4,000 ரூபாய், மாத்திரைகள் 1,700, ரத்தப் பரிசோதனை 900. மாதத்தில் 13 முறை போய்வர இரண்டு பேருக்குப் பஸ் செலவு, முறைக்கு 160 வீதம் 2,080. ஆக மொத்தம் 8,680.

வரவுப் பக்கம் மனைவியின் 9,500. கணவரின் அண்ணன் மாதம் கொடுத்து உதவுவது 3,500. வாடகை, சாப்பாடு, குழந்தையின் பள்ளி, கரண்ட், கேஸ் எல்லாம் சேர்த்து 12,000 போனால் கையில் நிற்பது 1,000. அப்படியென்றால் துண்டு விழுவது மாதம் 7,680 ரூபாய். ஆறு மாதத்துக்கு 46,080. ஐந்து லட்சம் எங்கே, இது எங்கே! முதல் தொகை யாரையும் மலைக்க வைக்கும். இரண்டாவது தொகையை ஒரு சின்ன அறக்கட்டளையின் கூட்டத்தில் வைத்துப் பேச முடியும். அண்ணன் கொடுப்பதை மறைக்காமல் எழுதியிருப்பது கடிதத்துக்குப் பலம்தான். விசாரிக்க வருபவர் எப்படியும் தெரிந்துகொள்வார், அப்போது கடிதத்தில் உள்ள மற்ற கணக்கின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

ஊசிக்கு ஏன் இத்தனை பணம் என்று கேட்பவர்கள் உண்டு. சிறுநீரகம் கழிவை வடிப்பதோடு நிற்பதில்லை. சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் ஹார்மோனையும் அதுதான் சுரக்கிறது. எந்திரத்தால் அதைச் செய்ய முடியாது. ஊசி போடாமல் விட்டால் ஹீமோகுளோபின் இறங்கும். நம் டெய்லருக்கு அது 7.2. இந்த அளவில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்; எட்டு மணி நேரம் பவர் டேபிளில் குனிந்து தைப்பது நடக்காத காரியம். ஊசியும் இரும்புச்சத்தும் முறையாகப் போனால் சில மாதங்களில் பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியும். செலவுக்குப் பயந்து ஊசியை நிறுத்தி, ரத்தம் ஏற்றிக்கொண்டு சமாளிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அது பெரிய ஆபத்து. பிறர் ரத்தம் ஏற ஏற, அந்நியத் திசுக்களுக்கு எதிரான பொருட்கள் உடலில் உருவாகலாம். பின்னால் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது அதனால் கடினமாகும். மாதம் 4,000 மிச்சம் பிடிக்கப் போய், இளைஞனுக்கு இருக்கும் ஒரே நல்ல வழியை அடைத்துக்கொள்வதாக முடிந்துவிடக் கூடாது. கடிதத்தில் மற்ற எதற்கு இடமில்லாவிட்டாலும் இந்தக் காரணத்தை நான் எழுதச் சொல்வேன்.

கடிதத்தோடு இணைப்பதில் மிகவும் உபயோகமானது டயாலிசிஸ் நோட்டின் நகல். படத்தைவிட அது அதிகம் பேசும். ஒவ்வொரு முறையும் எந்திரத்தில் படுக்கும் முன் எடை, எழுந்த பின் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் டெக்னீஷியன் அதில் எழுதுகிறார். முன் எடை 58.4, பின் எடை 56.1 என்று இருந்தால், இடைப்பட்ட நாட்களில் உடலில் தேங்கிய இரண்டு லிட்டருக்கும் சற்று அதிகமான நீரை எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அறக்கட்டளைக்கு ஆலோசனை சொல்லும் டாக்டர் தேதிகளைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு வாரம் மூன்று பதிவு, அடுத்த வாரம் ஒன்றே ஒன்று, அதற்குப் பின் எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது என்றால், பஸ்ஸுக்குப் பணமில்லாமல் இரண்டு முறையை விட்டுவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும். அப்படி விடும்போது நுரையீரலில் நீர் கோக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றேகூடப் போகலாம். பஸ் செலவைக் கணக்கில் சேர்க்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

ஆறு மாதம் என்ற எல்லைக்கும் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்தில் அம்மா சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறார். சட்டப்படி அவர் நெருங்கிய உறவு. அவருக்கான பரிசோதனைகள் நடக்கின்றன. பொருந்தாவிட்டால் தமிழ்நாடு உறுப்புமாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் மருத்துவமனை மூலம் பதிய வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதை மறைக்காமல் எழுதினால், ஆறு மாதத்துக்குப் பின் நிலைமையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று கொடுப்பவருக்கும் துணிவு வரும்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு மாதத்தில் தனியார் மருத்துவமனையில் கட்டிய பணத்துக்காக நகை அடகில் இருக்கும். அதை மீட்க உதவி கேட்பது இயல்பு. ஆனால் ஏற்கெனவே கட்டிய பில்லுக்குப் பணம் தருவதில்லை என்பது பல அமைப்புகளின் விதி. வரப்போகும் செலவுக்கு மருத்துவமனை முத்திரையோடு கூடிய மதிப்பீட்டைத்தான் கேட்பார்கள். பணமும் மருத்துவமனைக்கோ மருந்துக்கடைக்கோ நேராகப் போகும். நகைக் கடனைச் சொல்லலாம், ஆனால் கேட்கும் தொகையில் சேர்க்கக் கூடாது.

உதவி கிடைத்துவிட்டால் ஐந்தாவது மாதமே அடுத்த கடிதம் போக வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. பணம் நின்ற பிறகுதான் பதறி எழுதுகிறார்கள். நம் குடும்பத்தின் இரண்டாவது கடிதம் இப்படி இருக்கலாம்: "ஹீமோகுளோபின் 9.6 ஆகியிருக்கிறது, ரிப்போர்ட் இணைத்துள்ளோம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஒரு ஷிப்ட் மட்டும் வேலைக்குப் போகிறார், மாதம் 7,500 வருகிறது. அண்ணனுக்குப் பிள்ளைகளின் படிப்புச் செலவு வந்துவிட்டதால் அவர் தந்துவந்த 3,500 நின்றுவிட்டது. மாதம் 7,680 குறைந்த இடத்தில் இப்போது 3,680 குறைகிறது. மாமியாருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகே மீதிப் பரிசோதனை என்று டாக்டர் சொல்லியிருப்பதால், இன்னும் மூன்று மாதத்துக்கு இந்தத் தொகையை மருந்துக்கடைக்கே நேராகக் கட்டிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்."