ரேக்கில் இருக்கிறது, ஆனால் ஸ்டாக் இல்லை

பைக்கை சர்வீஸுக்கு விட்டவர் கவுன்டருக்குள் எட்டிப் பார்க்கிறார். தன் வண்டிக்கு வேண்டிய கிளட்ச் பிளேட் செட் ரேக்கில் இரண்டு இருக்கின்றன. ஸ்டோர்காரரோ, "ஸ்டாக் இல்ல சார், ரெண்டு நாள் ஆகும்" என்கிறார். கேட்பவருக்குக் கோபம்தான் வரும். ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை.

கம்ப்யூட்டரில் 3 செட் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று காலையிலேயே வேறொரு வண்டியின் ஜாப் கார்டில் கொடுக்கப்பட்டு, மெக்கானிக் கையில் இருக்கிறது. பில் போட்டால்தான் கணக்கில் குறையும் என்று வைத்திருக்கும் பட்டறைகளில், மாலை வரை அது ஸ்டாக்காகவே தெரியும். ரேக்கில் உள்ள இரண்டும் முன்பணம் கட்டி ஆர்டர் செய்தவர்களுக்கு வந்தவை. ஆக, அடுத்து வருபவருக்குக் கொடுக்க ஒன்றுகூட இல்லை.

ஜாப் கார்டு என்பது புகாரும் கிலோமீட்டரும் எழுதும் தாள் மட்டுமல்ல. எந்த உதிரிபாகம் எந்த வண்டிக்குப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. மெக்கானிக் சந்தேகத்துக்குக் கிளட்ச் கேபிளையும் சேர்த்து வாங்கிப் போவார். பழைய கேபிளையே சரிசெய்தது போதுமானதாகிவிடும். புதியது அவர் டூல் பாக்ஸில் தங்கிவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: போடாத கேபிள் பில்லில் ஏறும், அல்லது கணக்கில் உள்ள கேபிள் ரேக்கில் இருக்காது. பில் போடுமுன் கார்டையும் கழற்றிய பழைய பாகங்களையும் ஒப்பிட்டால் இது பிடிபட்டுவிடும். பழைய பாகத்தைக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளர் ஸ்டோருக்கும் உதவியே செய்கிறார்.

ஆர்டர் பாகத்தில் சிக்கல் பெட்டி வந்திறங்கும் நேரத்தில்தான். சிவப்பு நிற சைடு பேனல் ஒன்றை சேஸிஸ் எண்ணைப் பார்த்து, பாக எண்ணை உறுதிசெய்து தருவித்திருப்பார்கள். அது ஆயில் ஃபில்டர், பிரேக் ஷூவோடு ஒரே பெட்டியில் வருகிறது. வரவு வைக்கும்போதே வண்டி எண் எழுதிய சீட்டைக் கட்டித் தனித் தட்டில் வைக்காவிட்டால் பொது ஸ்டாக்கோடு கலந்துவிடும்; மறுநாள் விழுந்து அடிபட்ட வேறு வண்டிக்கு அதை மாட்டிவிடுவார்கள். முன்பண ரசீது இருக்கிறது, வரவும் இருக்கிறது, பேனலைக் காணோம் என்றால் அந்தப் பாக எண் எந்த ஜாப் கார்டில் கழிந்தது என்று தேடினால் போன இடம் தெரியும்.

இன்னொரு பாதிப்பு சத்தமில்லாமல் நடக்கும். கிளட்ச் செட் 2-க்குக் கீழே போனால் ஆர்டர் போடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லியிருப்பார்கள். அது 3 என்று பார்த்துச் சும்மா இருக்கும். கார்டில் போனதையும் முன்பதிவானதையும் கழித்துப் பார்க்கச் சொன்னால்தான் அது பூஜ்ஜியம் என்று கண்டு உடனே ஆர்டர் போடும்.