ஊர் நகராட்சியானால் வரி ஏறுமா?

பேரூராட்சி ஒன்றில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கவலையோடு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஊரை நகராட்சியாக்கப் போகிறார்களாம், பக்கத்துக் கிராம ஊராட்சியையும் அதோடு சேர்க்கப் போகிறார்களாம். பட்டாவை மாற்ற வேண்டியிருக்குமா, வீட்டு வரி இரண்டு மடங்காகுமா என்பது அவர் கேள்வி. பேரூராட்சிக்காரருக்கு ஒரு பதில், ஊராட்சிக்காரருக்கு வேறு பதில் என்பதால், இரண்டையும் தனித்தனியே பார்ப்பதுதான் சரி.

முதலில் பேரூராட்சி. 2021-இல் மாங்காடு, குன்றத்தூர், திருச்செந்தூர், மானாமதுரை போன்ற பேரூராட்சிகள் நகராட்சிகளாயின. 2025 ஜனவரியில் கன்னியாகுமரி, பெருந்துறை, ஸ்ரீபெரும்புதூர் முதலிய ஊர்களுக்கும் அப்படி அறிவிப்பு வந்தது. இந்த ஊர்களெல்லாம் அதற்கு முன்பும் சட்டப்படி நகர்ப்புற உள்ளாட்சிகள்தான். செயல் அலுவலர் இருந்த நாற்காலியில் ஆணையர் வருவார். பேரூராட்சி மன்றம் நகர்மன்றமாகும். பொறியியல், சுகாதாரம், வருவாய் என்று பிரிவுகள் வளரும், பணியிடங்கள் கூடும். வார்டு எல்லைகளையும் மாற்றி வரைவார்கள்.

பட்டா, சிட்டா, ரேஷன் அட்டை, தாலுகா அலுவலகம் இவை எதிலும் கை வைக்கமாட்டார்கள். அவை வருவாய்த் துறையும் உணவு வழங்கல் துறையும் பார்க்கும் வேலை. உள்ளாட்சியின் தரம் உயர்வதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. நிலத்தின் வழிகாட்டி மதிப்பை முடிவு செய்வதும் பதிவுத் துறைதான்.

இனி வரி. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி சீராய்வு நடந்தது நினைவிருக்கலாம். 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்ந்தது. சென்னையின் சில பகுதிகளுக்கு மட்டும் வேறு கணக்கு. மற்றபடி பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒரே விகிதம்தான். 1,000 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியவர் 1,500 ரூபாய் கட்ட நேர்ந்தது. அவர் ஊர் பேரூராட்சியா நகராட்சியா என்று யாரும் பார்க்கவில்லை. பெயர்ப்பலகை மாறிய மறுநாளே வரி இரட்டிப்பாகும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. தொழில் வரியிலும் அப்படியே. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அதை வாங்க அரசியலமைப்புச் சட்டமே இடம் தரவில்லை.

செலவு ஏறுவது வேறு வழியில். நகராட்சியான ஊருக்குப் பாதாளச் சாக்கடையும் புதிய குடிநீர்த் திட்டமும் வரும்போது, இணைப்புக்கு வைப்புத்தொகை, மாதக் கட்டணம், குப்பைக்கு ஒரு கட்டணம் என்று சேர்ந்துகொண்டே போகும். அவற்றை முடிவு செய்வது நகர்மன்றத் தீர்மானம் என்பதால், கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

உண்மையில் பெரிய மாற்றம் காத்திருப்பது பக்கத்துக் கிராம ஊராட்சிக்கு. அங்கே மக்கள் நேரடியாக வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கிராம சபையில் கை தூக்கிக் கணக்குக் கேட்கிறார்கள். நகராட்சியோடு சேர்ந்ததும் கிராம சபை போய்விடும். தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். நூறு நாள் வேலை என்று எல்லோரும் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது, இணைப்போடு அந்த அட்டையும் செல்லாமல் போகும். ஊராட்சிகளில் இணைப்பை எதிர்த்துப் பெண்கள் முன்னால் வந்து நிற்பதற்கு இதுவே முதல் காரணம். அவர்கள் கோபம் நியாயமானது. வயல் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பு எரிய வைத்த கூலி அது. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று இருந்தாலும் எல்லா ஊரையும் அது எட்டவில்லை. ஊராட்சியில் ஆண்டுக்கு ஒருமுறை கட்டிய வீட்டு வரியும் அரையாண்டுச் சொத்து வரியாகிவிடும். காலி மனைக்கும் வரி உண்டு. இங்கே உயர்வு நிஜம்.

இணைப்புக்கு முன் அரசு உத்தேச அறிவிக்கை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். கெடு முடிந்தபின் எழும் குரலுக்கு வலு குறைவு.

நகராட்சியிலிருந்து கேட்பு அறிவிப்பு வந்ததும் நான்கு விஷயங்களைப் பழைய ரசீதோடு ஒப்பிட வேண்டும்: கட்டடப் பரப்பு, குடியிருப்பா வணிகமா என்ற பயன்பாடு, கட்டட வகை, தெரு எந்த மண்டலத்தில் சேர்க்கப்பட்டது என்பது. திண்ணையில் ஒரு தையல் மெஷின் இருந்ததற்காக வீடு முழுவதும் வணிகம் என்று பதிவாகியிருந்தால், அங்கேயே தொகை ஏறிவிடும். அப்படியானால் மறு அளவீடு கேட்டு ஆணையருக்கு மனு எழுதலாம். பதிவேடுகள் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றதற்கு மாறும்போது வரிவிதிப்பு எண் மாறுவதும், கட்டிய பணம் நிலுவையாகத் தெரிவதும் நடக்கக்கூடியவை. சில ஆண்டுகளின் ரசீதுகளையாவது கையில் வைத்திருந்தால் அந்த மனுவுக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.